கேட்பவரின் கடன்: ஜிக்சா வகுப்பறையில் தனிப்பொறுப்பு எங்கே தங்குகிறது

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அதுவரை தனித்தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்து, தனித்தனிப் பள்ளிகளில் படித்தவர்கள் அவர்கள். சில வாரங்களிலேயே பள்ளிகளில் அச்சமும் கைகலப்பும் பெருகின. கல்வி நிர்வாகம் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனின் உதவியை நாடியது. அவரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் முதலில் செய்தது, வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். ஆறேழு கைகள் உயர்கின்றன. ஒருவரை ஆசிரியர் அழைத்ததும் மற்றவர்களின் முகம் வாடுகிறது. அழைக்கப்பட்டவர் தவறினால் அந்த முகங்கள் மறுபடி மலர்கின்றன. அடுத்தவரின் தோல்விதான் தன் வாய்ப்பு என்று பழக்கப்பட்ட வகுப்பில், புதிதாக வந்த பிள்ளையிடம் யார் அன்பு காட்டுவார்கள்?

ஆரன்சன் குழுவினர் ஐந்தாம் வகுப்புகளில் பாடத்தை உடைத்துப் பார்த்தார்கள். செய்தித்தாள் அதிபர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு ஆறு பத்திகளாக எழுதப்பட்டது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி மட்டும் கிடைத்தது. மற்ற ஐந்து பத்திகளையும் குழுவினர் வாய்வழியாகத்தான் அறிய முடியும். முழு வாழ்க்கையிலும் தேர்வு உண்டு. அதை அவரவர் தனியே எழுத வேண்டும். துண்டுகளைச் சேர்த்தால்தான் படம் தெரியும் என்பதால், அட்டைப் புதிர் விளையாட்டின் பெயராலேயே இதற்கு ஜிக்சா என்று பெயர் வந்தது.

அந்தக் குழுக்களில் ஒன்றில் இருந்த மெக்சிகோ வழிச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஆரன்சன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். கார்லோஸ் என்பது அவர் அவனுக்கு இட்ட பெயர். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி. வகுப்பில் வாய் திறக்க மாட்டான். அவன் தடுமாறுவதைப் பார்க்க மனமில்லாத ஆசிரியை, அவனைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். அவனுக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஜிக்சா வந்ததும் அந்த ஒப்பந்தம் உடைந்தது. புலிட்சரின் நடுவயது அவன் கையில் இருந்தது. அவன் பேசியாக வேண்டும். அவன் திக்கினான், நிறுத்தினான். குழுவிலிருந்த மற்ற பிள்ளைகள் பழக்கப்படி கேலி செய்தார்கள். அருகில் நின்ற ஆய்வு உதவியாளர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கேலி செய்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் புலிட்சரின் நடுவயதைப் பற்றித் தெரிந்துகொள்ள அது உதவாது, தேர்வோ சற்று நேரத்தில் வரப்போகிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாட்களில் அந்தப் பிள்ளைகள் கார்லோஸிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். எப்படிக் கேட்டால் அவனிடமிருந்து செய்தி வெளிவரும் என்று தேர்ந்தார்கள். கேட்கக் கேட்க அவனுக்கும் பேச்சு வந்தது.

இந்தக் கதையை ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லும்போது கார்லோஸின் மாற்றத்தைத்தான் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவார்கள். நான் அதில் மற்ற ஐந்து பேரைப் பார்க்கிறேன். அவர்களை மாற்றியது கார்லோஸின் மீது வந்த இரக்கமன்று. தாங்கள் கேட்டுக்கொள்ளாத ஒன்றுக்குத் தாங்களே தனியே விடை எழுத வேண்டியிருந்தது. அதுதான் அவர்களை மாற்றியது. ஜிக்சாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கடன்கள் உண்டு. ஒன்று சொல்லும் கடன், மற்றொன்று கேட்கும் கடன். பாடத்தை உடைத்துக் கொடுத்தாலே முதல் கடன் தானாக வந்துவிடும், ஏனென்றால் அந்தத் துண்டு வேறு யாரிடமும் இல்லை. இரண்டாவது கடன் தானாக வராது. அதை ஆசிரியர் கட்டியெழுப்ப வேண்டும். நம் வகுப்புகளில் ஜிக்சா தோற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கயிற்றைப் பிடித்தவர்களும் இழுத்தவர்களும்

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்போம். வடத்தில் நூறு கைகள் இருக்கும். எல்லாக் கைகளும் ஒரே அளவில் இழுப்பதில்லை என்பது தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் இதை அளந்தே பார்த்தார். கயிற்றை இழுப்போர் எண்ணிக்கை கூடக்கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்தது. 1979இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் கயிற்றுக்குப் பதிலாகக் கைதட்டலையும் கூச்சலையும் அளந்தார்கள். அங்கும் குழுவாகச் செய்தபோது தலைக்கு முயற்சி குறைந்தது. அதே மூவர் 1981இல் வெளியிட்ட சோதனைதான் வகுப்பறைக்கு முக்கியமானது. குழுவாகக் கத்தினாலும் ஒவ்வொருவரின் ஒலியும் தனியாக அளக்கப்படும் என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்தச் சோம்பல் காணப்படவில்லை.

ஆகவே குழுவில் ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுவதற்கு முன், அந்தப் பிள்ளையின் முயற்சி எங்காவது தனியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு சார்ட் பேப்பர், ஒரே ஒரு மதிப்பெண், முன்னால் வந்து விளக்க ஒரே ஒரு மாணவி என்று அமைத்துவிட்டால், மற்ற மூவர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் இயல்பு. கையெழுத்து அழகாக இருப்பவள் எழுதுவாள், நன்றாகப் பேசுபவன் பேசுவான், மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

ஜிக்சா இந்தச் சிக்கலைப் பாதி தீர்க்கிறது. மீதிப் பாதியை ஜெர்மனியில் ஹென்ஸே, பெர்கர் ஆகிய இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஜிக்சாவையும் நேரடிக் கற்பித்தலையும் ஒப்பிட்டார்கள். மாணவர்கள் தாங்களே படித்து மற்றவர்களுக்குச் சொல்லும் நிபுணராக இருந்த பகுதியில் நன்றாகச் செய்தார்கள். நண்பர்களிடமிருந்து கேட்டறிந்த பகுதியில் அந்த அளவுக்குச் செய்யவில்லை. பிரான்சில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஐந்து சோதனைகளை 2022இல் ஒரு குழு வெளியிட்டது. ஜிக்சாவால் கற்றல் கூடியது என்று சொல்லப் போதுமான சான்று அவற்றில் கிடைக்கவில்லை. இந்த முடிவுகளைக் கண்டு ஜிக்சாவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லும் கடன் நிறைவேறினாலும் கேட்கும் கடன் நிலுவையில் நின்றுவிடலாம் என்றே இவற்றைப் படிக்கிறேன்.

பாடத்தை எப்படி உடைப்பது: உத்திரமேரூர்க் கல்வெட்டு

இனி ஒரு பாடத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 36 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பு, 45 நிமிடப் பாடவேளைகள் இரண்டு. பாடம், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை.

ஜிக்சாவுக்கு ஏற்ற பாடத்திற்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒவ்வொரு துண்டும் மற்றதன் துணையின்றிப் புரிய வேண்டும். எல்லாத் துண்டுகளும் சேர்ந்தால்தான் விடை வரும் ஒரு பெரிய கேள்வியும் இருக்க வேண்டும். பின்னத்தைக் கூட்டுவது, பெருக்குவது என்று படிப்படியாக ஏறும் கணக்குப் பாடத்தில் முதல் குணம் இல்லை. இரண்டாம் துண்டுக்காரருக்கு முதல் துண்டு தெரியாவிட்டால் அவர் நிபுணராகவே முடியாது. ‘இந்தியாவின் மண் வகைகள்’ போன்ற பாடத்தில் இரண்டாவது குணம் இல்லை. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செம்மண்ணைப் படித்தவரின் தேவை எவருக்கும் இல்லை. உத்திரமேரூரில் இரண்டு குணங்களும் இருக்கின்றன.

கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை அடிப்படையாகக் கொண்டு நான்கு தாள்கள் தயாரிக்கலாம். ஒவ்வொன்றும் அரைப் பக்கம், ஏறத்தாழ ஒரே நீளம்.

முதல் தாள் தகுதி பற்றியது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேத மந்திரங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை, இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை என்பதைக் காட்டுகிறது. ஊரில் வாழ்ந்த எல்லோருக்கும் இதில் இடம் இல்லை என்பதைத் தாளிலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

இரண்டாம் தாள் விலக்கு பற்றியது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது; அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. அந்த உறவினர் பட்டியலைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக அடுக்குகிறது. தாயின் சகோதரியின் மகன்வரை அது நீள்கிறது. கணக்குக் காட்டாத ஒருவருக்காக உறவுமுறையையே எண்ணிப் பார்த்த ஊர் அது.

மூன்றாம் தாள் குலுக்கல் பற்றியது. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்புவாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். சபை முழுவதும் கூடியிருக்க, விவரமறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுப்பான். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

நான்காம் தாள் வாரியங்கள் பற்றியது. இப்படித் தேர்வான 30 பேரில், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களும் 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்திற்குச் செல்வார்கள். மீதியுள்ளோரில் 12 பேர் தோட்ட வாரியத்திற்கு, 6 பேர் ஏரி வாரியத்திற்கு. பதவிக்காலம் 360 நாள்.

இப்போது பெரிய கேள்வியைப் பாருங்கள். ‘ஒருவருக்கு வயது 42. வரி செலுத்தும் நிலம் அரை வேலி இருக்கிறது. சொந்த மனையில் வீடு இருக்கிறது. வேதம் அறிந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்தில் இருந்து ஒழுங்காகக் கணக்குக் காட்டினார். இவருடைய பெயர் குடத்தில் இடப்படுமா? எவ்வாறு எடுக்கப்படும்? எடுக்கப்பட்டால் எந்த வாரியத்திற்குச் செல்லும் வாய்ப்பு மிகுதி, ஏன்?’ பெயர் இடப்படும் என்று சொல்ல முதல் இரு தாள்களும் வேண்டும். எவ்வாறு என்பதற்கு மூன்றாம் தாள் வேண்டும். முன்பு ஏரி வாரியத்தில் இருந்தவர் என்பதால் சம்வத்சர வாரியம் என்று சொல்ல நான்காம் தாள் வேண்டும். இதே மனிதரின் தாயின் சகோதரி மகன் கணக்குக் காட்டாமல் போனவர் என்று ஒரு வரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். முழு விடையும் தலைகீழாக மாறும். இரண்டாம் தாளைக் கேட்காதவர் அந்த இடத்தில் பிடிபடுவார்.

முதல் பாடவேளை: நிபுணர்கள்

36 பேரை நான்கு பேர் கொண்ட ஒன்பது தாய்க்குழுக்களாகப் பிரிக்கிறோம். நண்பர்கள் தாமே சேர விடக்கூடாது. படிப்பில் மேல், இடை, கடை நிலையினர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கும்படி ஆசிரியரே பட்டியல் போட வேண்டும். குழுவில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4 வரை எண். எண்ணுக்குரிய தாள் அவருடையது. எல்லா 1ஆம் எண்காரர்களும் ஒன்றுசேர்ந்தால் ஒன்பது பேர் ஆகிறார்கள். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்தால் மூவர் பேச, ஆறு பேர் கேட்பார்கள். ஆகவே நாலும் ஐந்துமாக இரண்டு நிபுணர் குழுக்கள். மொத்தம் எட்டுக் குழுக்கள்.

தாளை முதலில் பத்து நிமிடம் தனியாகப் படிக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முந்தின நாளே தாளைக் கொடுத்துவிடலாம். இதில் வெட்கத்திற்கு இடமில்லாதபடி எல்லோருக்கும் முந்தின நாளே கொடுப்பது இன்னும் நல்லது. அடுத்த இருபது நிமிடம் நிபுணர் குழுவில் விவாதம். இங்கே பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை இரண்டு: தாளில் உள்ளதைத் தவறில்லாமல் புரிந்துகொள்வது, அதைத் தாய்க்குழுவில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பது. கார்லோஸ் போன்ற பிள்ளைக்கு இந்த ஒத்திகைதான் கைப்பிடி. ஆரன்சன் குழுவினரும் இதற்காகத்தான் நிபுணர் குழுவை வைத்தார்கள்.

கடைசி பத்து நிமிடம் நிபுணர் குழுவின் வாசலில் ஒரு சோதனை. நான் இதைக் கைவிடவே மாட்டேன். மூன்று சிறு கேள்விகள், புத்தகம் மூடி, தனித்தனித் துண்டுத்தாளில். இரண்டாம் தாளுக்கு உதாரணமாக: ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாரியத்தில் இருந்தவர் இந்த ஆண்டு வரலாமா?’, ‘கணக்குக் காட்டாதவரின் மகன் வரலாமா?’, ‘ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்து கணக்குக் காட்டியவர் வரலாமா?’ மூன்றும் வரலாம், வரக்கூடாது என்ற வகை. திருத்த மூன்று நிமிடம் போதும். மூன்றாவது கேள்விக்கு ‘வரக்கூடாது’ என்று ஒரு நிபுணர் குழு முழுவதும் எழுதியிருந்தால், ‘ஒருமுறை இருந்தவர் பிறகு எப்போதும் வரக்கூடாது’ என்று அந்தக் குழு தவறாகப் புரிந்திருக்கிறது. அங்கேயே பிடிக்காவிட்டால் மறுநாள் அந்த நால்வர் நான்கு தாய்க்குழுக்களுக்குப் போய், அதே தவற்றை உறுதியான குரலில் பன்னிரண்டு பேருக்குக் கற்பிப்பார்கள். வழக்கமான வகுப்பில் ஒரு பிள்ளையின் தவறு அந்தப் பிள்ளையோடு நின்றுவிடும். ஜிக்சாவில் தவறும் கற்பிக்கப்படும்.

இரண்டாம் பாடவேளை: கேட்பவர்கள்

தாய்க்குழுவில் ஒவ்வொரு நிபுணருக்கும் ஆறு நிமிடம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச வேண்டும். தாள் திறந்திருந்தால் நிபுணர் வாசிப்பார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பெயர் நகலெடுத்தல். மூன்று நிமிடம் சொல்லி முடித்ததும் நிபுணர் மௌனமாகிவிட வேண்டும். கேட்டவர்களில் ஒருவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வார், மற்றவர் விடுபட்டதைச் சேர்ப்பார். யார் திருப்பிச் சொல்வது என்பதைக் குழு முடிவு செய்யக்கூடாது. ஆசிரியர் பலகையில் ஓர் எண்ணை எழுதுவார். ஒன்பது குழுக்களிலும் அந்த எண்ணுக்குரியவர் சொல்ல வேண்டும். அந்த எண் நிபுணருடையதாகவே அமைந்துவிட்டால் அடுத்த எண்காரர். இப்படி எண்ணைச் சொல்லி அழைப்பதை ஸ்பென்சர் கேகன் தம் கூட்டுறவுக் கற்றல் அமைப்புகளில் பரவலாக்கினார். எண் எப்போது வரும் என்று தெரியாததால், கடைநிலைப் பிள்ளை திருப்பிச் சொல்லத் தயாராக இருக்கிறாளா என்று முதல்நிலைப் பிள்ளையே பார்த்துக்கொள்கிறான். சில நாட்கள் பழகிய வகுப்பில், ‘இதை நீ ஒருமுறை சொல்லு பார்ப்போம்’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதைக் காணலாம். கார்லோஸின் குழுவிலிருந்த பிள்ளைகள் கற்றுக்கொண்டதும் ஏறத்தாழ இதுதான்.

ஒரு நிபுணர் அன்று வரவில்லை என்றால் அந்தக் குழுவைத் தண்டிக்கக்கூடாது. அந்தத் துண்டு வரும் ஆறு நிமிடத்திற்கு மட்டும் அவர்கள் பக்கத்துக் குழுவோடு நாற்காலியைச் சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பில் 38 பேர் இருந்தால் மிஞ்சும் இருவரை ஆளுக்கொரு குழுவில் ஐந்தாமவராகச் சேர்த்து, ஒரு தாளுக்கு இரட்டை நிபுணராக்கலாம். சோதனை மட்டும் இருவருக்கும் தனித்தனி.

நான்கு பேருக்கும் 24 நிமிடம் ஆகிறது. அதன்பின் ஆறு நிமிடம் பெரிய கேள்வியின் முதல் வடிவத்தைக் குழுவாக விவாதிக்கலாம். மீதி பதினைந்து நிமிடம் தேர்வு. அதில் பேச்சில்லை, பக்கத்துத் தாளைப் பார்த்தலில்லை. ஒவ்வொரு தாளிலிருந்தும் 4 மதிப்பெண்ணுக்குக் கேள்விகள், பெரிய கேள்வியின் மாற்றிய வடிவத்திற்கு 4 மதிப்பெண், மொத்தம் 20. அரை வேலிக்காரரின் உறவினர் பற்றிய வரி இங்கேதான் நுழைகிறது.

மதிப்பெண் யாருடையது

கூட்டுறவுக் கற்றலில் ஆசிரியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால், உழைத்த பிள்ளையின் பெற்றோர் நியாயமாகவே கோபப்படுவார்கள். குழுவுக்கு எதுவுமே தராவிட்டால், அடுத்தவருக்கு ஏன் விளக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதுவும் நியாயம்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்லேவின் ஜிக்சாவைத் திருத்தியமைத்தபோது இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். தேர்வு மதிப்பெண் அவரவருக்கே. குழுவுக்குத் தனியாக ஒரு புள்ளி. அது உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் பழைய அளவைவிட எவ்வளவு முன்னேறினார் என்பதன் சராசரி. குழுப்புள்ளி முன்னேற்ற அட்டையில் ஏறாது. பலகையில் பெயர் எழுதுவது, வகுப்பு பாராட்டுவது என்பதோடு நிற்கும்.

அவருடைய புள்ளி முறை எளிது. முந்தைய சில தேர்வுகளின் சராசரியை நூற்றுக்கு மாற்றி அடிப்படை அளவாகக் கொள்ள வேண்டும். புதிய தேர்வில் அதற்கு 10க்கு மேல் குறைந்தால் 5 புள்ளி. 10க்குள் குறைந்தால் 10 புள்ளி. அதே அளவு அல்லது 10 வரை கூடுதல் என்றால் 20. 10க்கு மேல் கூடினால் 30. முழு மதிப்பெண் எடுத்தால் அடிப்படை அளவு எதுவாயினும் 30.

ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். முதல் எண்காரரின் அடிப்படை அளவு 40. இருபதுக்கு 11 எடுத்தார், அதாவது 55. அவருக்கு 30 புள்ளி. இரண்டாமவரின் அடிப்படை 90. எடுத்தது 17, அதாவது 85. அவருக்கு 10. மூன்றாமவருக்கு 60லிருந்து 65, எனவே 20. நான்காமவர் 70லேயே நின்றார், 20. குழுவின் சராசரி 20. வகுப்பின் முதல் மாணவியைவிட, நாற்பதில் கிடந்த பிள்ளை குழுவுக்கு அதிகம் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் காதில் இது விழும்போது முகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்த்தவர்கள் இந்த முறையை விட மாட்டார்கள். முதல் மாணவிக்கும் அநீதி இல்லை. முன்னேற்ற அட்டையில் அவளுடைய 17 அப்படியே இருக்கிறது.

ஸ்லேவின் தொண்ணூறுகளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். குழு இலக்கும் தனிப்பொறுப்பும் இப்படி ஒன்றோடொன்று கட்டப்பட்ட முறைகளில், கற்றல் எவ்வளவு கூடியது என்பதைக் காட்டும் விளைவளவின் இடைநிலை 0.32 ஆகவும், அந்தக் கட்டு இல்லாத முறைகளில் 0.07 ஆகவும் இருந்தது. பின்னது ஏறக்குறைய விளைவே இல்லை என்பதற்குச் சமம். வட்டமாக உட்கார வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

குழு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கல்லூரியில் அது பலன் தரலாம். பள்ளியில், அதுவும் பிள்ளைகளுக்கிடையே தெருவும் உறவும் பகையும் குறுக்கே நிற்கும் ஊர்களில், நான் அதை வைத்துக்கொள்வதில்லை. யார் ஓரங்கட்டப்பட்டவரோ அவருக்கே குறைந்த மதிப்பெண் விழும். ஆஸ்டினில் எதை உடைக்க ஜிக்சா வந்ததோ அது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

விடைத்தாளைப் படிப்பது

தேர்வு முடிந்தபின் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு நிறுத்தினால், ஜிக்சா எங்கே இற்றது என்று தெரியாது. ஒவ்வொரு தாய்க்குழுவுக்கும் நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று வரைய வேண்டும். வரிசையில் மாணவர்கள், நெடுக்கில் நான்கு தாள்கள், ஒவ்வொரு கட்டத்திலும் நான்குக்கு எத்தனை. உதாரணமாக ஒரு குழுவின் கட்டம் இப்படி வந்தால்:

| | தகுதி | விலக்கு | குலுக்கல் | வாரியம் |
|---|---|---|---|---|
| 1ஆம் எண் | 4 | 1 | 3 | 2 |
| 2ஆம் எண் | 3 | 4 | 3 | 3 |
| 3ஆம் எண் | 3 | 1 | 4 | 3 |
| 4ஆம் எண் | 3 | 0 | 3 | 4 |

மூலைவிட்டத்தில் நான்கு முறையும் 4 நிற்கிறது. அவரவர் பகுதி அவரவருக்குத் தெரியும். விலக்கு என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 2ஆம் எண்காரருக்கு 4, மற்றவர்களுக்கு 1, 1, 0. அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் குழுவுக்குப் போய்ச் சேரவில்லை. சொன்ன விதம் புரியவில்லையா, அல்லது அந்தச் சுற்றில் திருப்பிச் சொல்லும் வேலை நடக்கவே இல்லையா என்று அந்தக் குழுவிடம் கேட்க வேண்டும். பல குழுக்களில் அதே நெடுவரிசை இப்படி இருந்தால் பிழை பிள்ளைகளிடம் இல்லை. தாள் கடினமாக இருக்கிறது. உறவினர் பட்டியலை ஒரு வரைபடமாக்கித் தர வேண்டும்.

மூலைவிட்டத்திலேயே 1 அல்லது 2 விழுந்தால் அந்தப் பிள்ளை நிபுணராகாமலேயே தாய்க்குழுவுக்குத் திரும்பியிருக்கிறது என்று பொருள். வாசல் சோதனையின் துண்டுத்தாளை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரே நிபுணர் குழுவிலிருந்து வந்த நால்வரும் ஒரே தவற்றை எழுதியிருந்தால் அந்த நிபுணர் குழுவில் குரல் ஓங்கிய ஒருவர் தவறாகச் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ஒரு மாணவரின் வரிசையில் தன் கட்டம் மட்டும் 4, மற்ற மூன்றும் 0, 1 என்று இருந்தால், அந்தப் பிள்ளை சொன்னதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டது. ஹென்ஸே, பெர்கர் ஆய்வு காட்டியது நம் வகுப்பிலும் நடந்திருக்கிறது என்பதற்கு அந்த வரிசை சாட்சி.

முதல் ஜிக்சாவில் பெரும்பாலான குழுக்களில் மூலைவிட்டம் மட்டுமே பளிச்சென்று இருந்தால் வியப்பில்லை. கட்டங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் வரைந்து, ‘இந்தக் குழுவில் என்ன நடந்திருக்கும்?’ என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் சரியாகச் சொல்வார்கள். அடுத்த பாடத்தில் திருப்பிச் சொல்லும் நேரத்தை மூன்று நிமிடத்திலிருந்து நான்காக்கி, தாள்களை மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். அப்போது 36 பேர் மூவர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாவார்கள். எண்களையும் மாற்றுங்கள். இன்று விலக்குத் தாள் வைத்திருந்த 2ஆம் எண்காரர் அடுத்த முறை எளிதான தாளோடு தொடங்கட்டும். மற்றவர்களுக்குப் புரியவைப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு சுற்று தேவைப்படுகிறது.